மாலை ஷிஃப்ட் கேட்கப் போகும் பேச்சை எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் டிஸ்பாட்ச் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் நிர்வாகக் குழு முன் 15 நிமிடம் பேசி, மாலை ஷிஃப்ட் ஒன்று தொடங்க அனுமதி வாங்க வேண்டும். போன முறை நான் ஐந்தாவது ஸ்லைடுக்குப் போவதற்குள் எம்.டி. "சரி, இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். நிலைமை, சிக்கல், கேள்வி, பதில் என்ற வரிசையில் தொடங்கு என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். நிலைமை: எங்கள் பிரிவில் 40 பேர், நாளைக்கு 400 ஆர்டர் அனுப்புகிறோம். சிக்கல்: எங்களிடம் மாலை ஷிஃப்ட் இல்லை. கேள்வி: மாலை ஷிஃப்ட் தொடங்கலாமா? பதில்: மாலை ஷிஃப்ட் தொடங்கலாம். படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. உண்மையில் நடப்பது இது: இரண்டு நாளில் டெலிவரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். முன்பு 20 ஆர்டரில் 1 தாமதமாகும், நான்கு மாதமாக 5-ல் 1 தாமதமாகிறது. பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் புகார்க் கடிதம் எழுதிவிட்டார்கள். என் வரைவில் எங்கே தப்பு?

பதில்:

தப்பு உங்கள் "சிக்கல்" வரியில் இருக்கிறது. மாலை ஷிஃப்ட் இல்லை என்பது சிக்கலே இல்லை. நீங்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்கும் பதிலை எடுத்து, பின்னால் "இல்லை" என்ற சொல்லை ஒட்டியிருக்கிறீர்கள். அதைக் கேட்கும் எம்.டி.யின் மனதில் முதலில் எழுவது "இல்லாவிட்டால் என்ன? இத்தனை வருடம் இல்லாமல்தானே ஓடியது?" என்பதுதான். அவர் அப்படி நினைத்த கணத்தில் நீங்கள் பேச வந்த கேள்வி ஒன்று, அவர் மனதில் இருக்கும் கேள்வி வேறொன்று என்று ஆகிவிடுகிறது. அப்புறம் 15 நிமிடமும் அவர் தன் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பார், நீங்கள் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தத் தவறை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். "நம்மிடம் புதிய சாஃப்ட்வேர் இல்லை", "நமக்குத் தனிப் பயிற்சிப் பிரிவு இல்லை", "நம் குழுவில் ஆள் போதவில்லை" எல்லாம் இதே வகைதான். கண்டுபிடிப்பது சுலபம். சிக்கல் வரியையும் பதில் வரியையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் பெயர்ச்சொல் அப்படியே மற்றதிலும் வந்தால், பதில் சிக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள். உங்கள் வரைவில் "மாலை ஷிஃப்ட்" மூன்று வரிகளில் வருகிறது.

நிலைமை, சிக்கல், கேள்வி, பதில் என்ற முறையை வகுத்துச் சொன்னவர் பார்பரா மின்டோ. 1963-ல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவர். ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகளைச் சீர்செய்வதே அவருடைய வேலையாக மாறியது. அவர் சொன்னவற்றில் பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம்தான் உங்களுக்கு இப்போது தேவை: தொடக்கம் என்பது கேட்பவருக்குத் தெரிந்ததை நினைவூட்டும் இடம், புதிய செய்தி சொல்லும் இடம் அல்ல. நிலைமையும் சிக்கலும் அவர் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளும் விஷயங்களாக இருக்க வேண்டும். அவை இரண்டும் சேர்ந்து அவர் மனதில் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் அவருக்குக் கிடைக்கும் முதல் புதுச் செய்தி. அதாவது, கேள்வி உங்களுடையது அல்ல, கேட்பவருடையது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அதனால் பேசும் வரிசையில் எழுதாதீர்கள். நிலைமை, சிக்கல், கேள்வி, பதில் என்பது பேசும்போது வரும் வரிசை. தயாரிக்கும்போது நடுவிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஒரு தாளில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து, அந்த விஷயத்தைப் பற்றி இந்தக் குழுவின் மனதில் என்ன கேள்வி இருக்கிறது, அல்லது உண்மைகளைக் காட்டினால் என்ன கேள்வி வரும் என்று எழுதுங்கள். அதற்கு உங்கள் பதிலை எழுதுங்கள். இந்த இரண்டும் உறுதியான பிறகு பின்னால் திரும்பி, அந்தக் கேள்வி எழுவதற்கு எந்த நிலைமையையும் எந்தச் சிக்கலையும் சொன்னால் போதும் என்று பாருங்கள். போதும் என்ற சொல் முக்கியம். அந்தக் கேள்வி பிறக்க உதவாத எதுவும் தொடக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் செய்து பார்ப்போம். பேசும் பொருள் மாலை ஷிஃப்ட் என்று நீங்கள் சொல்வீர்கள். நிர்வாகக் குழுவுக்கு அது பொருளே இல்லை. அவர்கள் கவலைப்படக்கூடிய பொருள் இரண்டு நாள் டெலிவரி. ஆகவே பொருள்: இரண்டு நாள் டெலிவரி வாக்கு. அதைப் பற்றி அவர்கள் மனதில் வரும் கேள்வி: "இந்த வாக்கை மறுபடியும் எப்படிக் காப்பாற்றுவது?" உங்கள் பதில்: "மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை 6 பேர் கொண்ட பேக்கிங் ஷிஃப்ட் தொடங்க வேண்டும்." எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதை நான் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பதில் இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். "டிஸ்பாட்ச் திறனை வலுப்படுத்த வேண்டும்" என்று சொன்னால் அது பதில் இல்லை. எதற்குச் சம்மதம் கேட்கிறீர்கள் என்று அதில் இல்லை.

இப்போது நிலைமைக்கு வருவோம். உங்கள் வரைவில் 40 பேர், 400 ஆர்டர் என்று இருக்கிறது. இரண்டும் உண்மைதான், குழுவுக்குத் தெரிந்ததும்தான். ஆனாலும் அவை நிலைமை ஆகாது, ஏனென்றால் அவை பிரிவைப் பற்றிய அறிமுகம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் டெலிவரி வாக்கு. நிலைமையின் முதல் வாக்கியம் அந்தப் பொருளைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். கேட்பவர் "ஆமாம், தெரியும்" என்று தலையசைக்க வேண்டும், "இதை ஏன் சொல்கிறார்?" என்று புருவம் சுருக்கக் கூடாது. இப்படிச் சொல்லலாம்:

"நம்மிடம் ஆர்டர் கொடுத்தால் இரண்டு நாளில் பொருள் கையில் இருக்கும் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். நீண்ட காலமாக அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறோம். 20 ஆர்டரில் 19 சொன்ன நாளில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன."

மூன்று வாக்கியம். இதற்கு மேல் வேண்டாம். நிலைமையில் நின்று பிரிவின் வரலாறு, கிடங்கின் பரப்பு, ஊழியர்களின் உழைப்பு என்று போக ஆசை வரும். போன முறை நீங்கள் நான்கு ஸ்லைடு ஓட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன். எம்.டி. பொறுமை இழந்தது அவர் குணத்தால் அல்ல. ஒரு சங்கடமும் இல்லாத நிலைமையை யாரும் நெடுநேரம் கேட்க மாட்டார்கள்.

அடுத்து சிக்கல். நிலைமையில் சொன்ன அதே பொருளில் ஏற்பட்ட மாற்றம்தான் சிக்கல். அதே பொருள் என்பதைக் கவனியுங்கள். நிலைமை டெலிவரியைப் பற்றி இருந்து, சிக்கல் ஊழியர்களின் களைப்பைப் பற்றி இருந்தால் இரண்டும் ஒட்டாது. சிக்கல் என்றதும் கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்பாராமல் ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தாலும் சிக்கல்தான், மூன்று வழிகள் இருந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டாலும் சிக்கல்தான். கதையில் "அப்போதுதான் ஒருநாள்..." என்று ஒரு திருப்பம் வருமே, அதுதான். உங்களுடையது இது:

"கடந்த நான்கு மாதமாக 5 ஆர்டரில் 1 தாமதமாகப் போகிறது. நம் பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்."

அவர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதை விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு வரியைச் சேருங்கள், ஏனென்றால் அது கேள்வியையே கூர்மையாக்கும். "எப்படிக் காப்பாற்றுவது?" என்பது "ஒப்பந்தம் முடிவதற்குள் எப்படிச் சரிசெய்வது?" என்று மாறும். கேள்விக்குள் கெடு வந்துவிட்டால், ஒரு வருடம் பிடிக்கும் தீர்வுகள் தாமாகவே போட்டியிலிருந்து விலகிவிடும்.

இங்கே ஒரு இடத்தில் பலர் வழுக்கி விழுவார்கள். தாமதத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். உதாரணத்துக்கு, ஆன்லைனில் ஆர்டர் எடுக்கத் தொடங்கிய பிறகு பாதிக்குச் சற்றுக் குறைவான ஆர்டர்கள் பிற்பகல் 3 மணிக்கு மேல் வருகின்றன, உங்கள் பேக்கிங் 5 மணிக்கு முடிந்துவிடுகிறது, மீதி அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைச் சிக்கலில் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். குழுவுக்கு இது புதுச் செய்தி, நீங்கள் ஆராய்ந்து கண்டது. புதுச் செய்தியைத் தொடக்கத்தில் போட்டால் "அது எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்லும் முன்பே வாதத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். தாமதம் நடக்கிறது என்பது சிக்கல், அது ஏன் நடக்கிறது என்பது பேச்சின் உடல்.

சரி, 5-ல் 1 என்ற எண்ணே குழுவில் சிலருக்குத் தெரியாவிட்டால்? பேசும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு அரைப் பக்கக் குறிப்பாக அதை அனுப்பிவிடுங்கள், கடிதங்களின் நகலோடு. அன்று பேசும்போது அது நினைவூட்டலாகிவிடும்.

கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டுமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. சிக்கல் சரியாக அமைந்தால் கேள்வி தானாகவே கேட்பவர் மனதில் வந்துவிடும், அதை நீங்கள் சொல்வது மிகை என்பார்கள். எழுத்தில் நானும் பெரும்பாலும் அதை எழுத மாட்டேன். ஆனால் பேச்சில், ஒரே அறையில் பலர் இருக்கும்போது, சொல்லிவிடுவதே நல்லது. நிதித் தலைவர் உங்கள் சிக்கலைக் கேட்டு "இதனால் எவ்வளவு நஷ்டம்?" என்று நினைப்பார். விற்பனைத் தலைவர் "அந்த இரண்டு பேரிடம் என்ன சொல்வது?" என்று நினைப்பார். எம்.டி. "இதை எப்படிச் சரிசெய்வது?" என்று நினைப்பார். மூன்றுமே நியாயமான கேள்விகள். முடிவெடுக்கப் போகிறவருடைய கேள்வியை நீங்கள் உரக்கச் சொல்லும்போது, மற்ற இருவரும் இன்று எதைப் பற்றிப் பேச்சு என்று புரிந்துகொண்டு தங்கள் கேள்வியைத் தள்ளிவைப்பார்கள். எல்லோருடைய கேள்விக்கும் ஒரே தொடக்கத்தில் இடம் கொடுக்கப் பார்த்தால் யாருடைய கேள்வியும் நிற்காது. ஒரு பேச்சுக்கு ஒரு கேள்விதான்.

எல்லாம் சேர்த்து உங்கள் தொடக்கம் இப்படி இருக்கும்:

"நம்மிடம் ஆர்டர் கொடுத்தால் இரண்டு நாளில் பொருள் கையில் இருக்கும் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். நீண்ட காலமாக அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறோம். 20 ஆர்டரில் 19 சொன்ன நாளில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஆனால் கடந்த நான்கு மாதமாக 5-ல் 1 தாமதமாகிறது. நம் பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களின் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குள் இரண்டு நாள் டெலிவரியை எப்படி மீட்பது? மாலை 4 முதல் இரவு 10 வரை 6 பேர் கொண்ட பேக்கிங் ஷிஃப்ட் தொடங்கினால் மீட்கலாம். அதற்கு உங்கள் அனுமதியைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும், ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. ஸ்லைடு தேவையில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எம்.டி. போன முறை கேட்ட "இப்போது என்ன வேண்டும்?" என்பதற்கு விடை அவர் கேட்கும் முன்பே வந்துவிட்டது.

பதிலைச் சொன்னதும் கேட்பவர் மனதில் அடுத்த கேள்வி ஒன்று எழும். அதுதான் உங்கள் மீதி 13 நிமிடத்தின் உடல். இங்கே அது அநேகமாக "ஏன் மாலை ஷிஃப்ட்?" என்பதாக இருக்கும். 3 மணிக்கு மேல் வரும் ஆர்டர்கள் என்ற கண்டுபிடிப்பு இப்போதுதான் வர வேண்டும். நாளுக்கு 400 ஆர்டரில் 160 அந்த நேரத்தில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், தாமதமாகும் 80-ல் எத்தனை அந்த 160-க்குள் இருக்கின்றன என்று காட்டுங்கள். 65 என்று வந்தால் உங்கள் வாதம் உறுதி. 30 தான் என்று வந்தால் மாலை ஷிஃப்ட் சரியான பதிலே இல்லை, அதைக் குழு முன் போவதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவது நல்லது. அப்புறம் கொள்ளளவு. ஒருவர் மணிக்கு 6 ஆர்டர் கட்டுகிறார், இடைவேளை போக 5 மணி நேரம் வேலை என்றால் 6 பேர் 180 ஆர்டரைக் கட்டிவிடலாம், 160-க்கு அது போதும். அதன் பிறகு, வேறு வழிகளை ஏன் விட்டீர்கள் என்பது. ஆர்டர் எடுக்கும் நேரத்தை 3 மணியோடு நிறுத்திவிடலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

இந்த உடலை "ஏன்" என்று அமைப்பதா, "எப்படி" என்று அமைப்பதா என்பதும் தொடக்கத்தைப் பொறுத்ததே. இதைப் புரிந்துகொள்ள, அதே உண்மைகளோடு கேட்பவரை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

குழு அனுமதி கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே குழுவிடம் மறுபடி பேசுகிறீர்கள். முன்பு நிலைமை, சிக்கல், பதில் என்று பிரிந்திருந்தவை எல்லாம் இப்போது சேர்ந்து ஒரே நிலைமையாகிவிடும்: "தாமதத்தைச் சரிசெய்ய மாலை ஷிஃப்ட் தொடங்குவது என்று முடிவு செய்தோம்." புதிய சிக்கல்: "அடுத்த மாதம் முதல் தேதிக்குள் தொடங்க வேண்டும், ஆனால் இரவு 10 மணிக்கு வேலை முடித்துப் போக ஊழியர்களுக்கு வண்டி வசதி இல்லை." கேள்வி: "எப்படித் தொடங்குவது?" முன்பு பெரிய பதிலாக இருந்தது இப்போது எல்லோருக்கும் தெரிந்த பழைய செய்தி. இதைக் கவனிக்காமல் மறுபடியும் தாமதக் கணக்கிலிருந்து தொடங்கினால், முடிந்துபோன விவாதத்தை நீங்களே திறந்து விடுகிறீர்கள். யாராவது ஒருவர் "இன்னொரு முறை யோசிக்கலாமே" என்பார்.

ஷிஃப்டைத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் தாமதம் குறையவில்லை என்றால் கேள்வி "ஏன் பலிக்கவில்லை?" என்று மாறும். பேக்கிங் ஊழியர்களிடம் பேசினால் கேள்வி முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஒப்பந்தப் புதுப்பிப்பு தூரத்து விஷயம். அவர்கள் நிலைமை, மாலை 5 மணிக்கு வீட்டுக்குப் போகிறோம் என்பது. சிக்கல், சிலர் இரவு 10 வரை இருக்க வேண்டிவரும் என்பது. கேள்வி, "என் நேரம் மாறுமா, யாருக்கு மாறும்?" அந்த அறையில் நின்று 20-ல் 1, 5-ல் 1 என்று தொடங்கினால் அவர்கள் காதில் விழுவது "நீங்கள் மெதுவாக வேலை செய்கிறீர்கள்" என்ற குற்றச்சாட்டுதான். ஒரே ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் பேசுபவர்கள் தோற்பது இங்கேதான். ஸ்லைடுகளின் நடுப்பகுதியை மறுபடி பயன்படுத்தலாம், தொடக்கத்தை ஒருபோதும் அப்படியே எடுத்துப்போகக் கூடாது.

இன்னொரு விஷயம், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பொருட்கள் அதிகரித்திருப்பதைப் பற்றிப் பேசப் போனேன். நிலைமை சரியாகவே அமைந்தது. சிக்கலாக "திரும்பி வரும் பொருட்கள் இரட்டிப்பாகிவிட்டன" என்றேன். உற்பத்தித் தலைவர் எழுந்து, "நீங்கள் எண்ணும் முறை மாறியிருக்கிறது, அதனால்தான் அப்படித் தெரிகிறது" என்றார். எனக்குக் கொடுத்த 20 நிமிடமும் எண்ணும் முறையைப் பற்றிய பேச்சிலேயே போயிற்று. என் பரிந்துரையை நான் வாயெடுத்துச் சொல்லவே இல்லை. வருத்தத்தோடு திரும்பி வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. என் சிக்கல் எனக்குத்தான் உண்மை, அறையில் முக்கியமான ஒருவருக்கு அது உண்மையாகவே படவில்லை. அதைத் தொடக்கத்தில் வைக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

சிக்கலையே மறுப்பவர் அறையில் இருக்கிறார் என்று முன்கூட்டித் தெரிந்தால் இரண்டு வழிதான். ஒன்று, பேச்சுக்கு முன் அவரைத் தனியாகப் பார்த்து எண்களை ஒத்துப்பார்த்துக்கொள்வது. இதுதான் நல்ல வழி. அது முடியாவிட்டால், அந்தச் சர்ச்சையையே பேச்சின் கேள்வியாக்கிவிட வேண்டும். அப்போது நிலைமை: "திரும்பி வரும் பொருட்களை மாதாமாதம் எண்ணுகிறோம்." சிக்கல்: "இந்தக் காலாண்டில் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரிகிறது, ஆனால் எண்ணும் முறையும் மாறியிருக்கிறது." கேள்வி: "உண்மையிலேயே அதிகரித்திருக்கிறதா?" பதில்: "பழைய முறையில் எண்ணினாலும் அதிகரித்துத்தான் இருக்கிறது." இதில் என்ன செய்யலாம் என்ற பரிந்துரை அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். தாமதம்தான், ஆனால் யாருமே ஒத்துக்கொள்ளாத சிக்கலின் மேல் பரிந்துரையைக் கட்டுவதைவிட இது விரைவு.

உங்கள் விஷயத்தில் இந்த ஆபத்து விற்பனைப் பிரிவிலிருந்து வரலாம். "ஆன்லைன் ஆர்டர்களை விற்பனைப் பிரிவு எந்நேரமும் திறந்துவிட்டதால்" என்று சிக்கலில் ஒரு சொல் வந்துவிட்டால் போதும், அந்தத் தலைவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். சிக்கல் வாக்கியத்தில் எந்தப் பிரிவின் பெயரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பிரிவின் பெயர் உட்பட.

வரிசையை மாற்றலாமா என்றால், மாற்றலாம். உறுப்புகள் அதேதான், சொல்லும் வரிசைக்கேற்ப தொனி மாறும். உங்கள் எம்.டி. அவசரக்காரர் என்று தெரிகிறது. அவருக்குப் பதிலை முதலில் சொல்லிவிடலாம்: "மாலை ஷிஃப்ட் ஒன்றுக்கு அனுமதி கேட்டு வந்திருக்கிறேன். இரண்டு நாள் டெலிவரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், நான்கு மாதமாக..." என்று போகும். நேரடியான தொனி. சிக்கலை முதலில் வைத்து "5 ஆர்டரில் 1 தாமதமாகிறது" என்று தொடங்கினால் கவலையின் தொனி வரும், நெருக்கடியில் அது பொருந்தும். கேள்வியையே முதலில் வைத்தால் சவால் விடுவது போல ஒலிக்கும், மேலதிகாரிகள் முன் அதை நான் தவிர்ப்பேன். பதிலை முதலில் சொல்வதற்கு எதிராக ஒரே ஒரு எச்சரிக்கை: கேட்பவருக்கு உங்கள் பதில் கசக்கும் என்று தெரிந்தால் வேண்டாம். செலவு என்று கேட்டதுமே அவர் மனதை மூடிக்கொள்வார், பின்னால் வரும் நிலைமையும் சிக்கலும் சாக்குப் போலத் தெரியும். அப்போது வழக்கமான வரிசைதான் பாதுகாப்பு. உங்கள் குழுவில் அவசரம் எம்.டி.யுடையது, கசப்பு அநேகமாக நிதித் தலைவருடையது. அதனால் வழக்கமான வரிசையையே எடுத்து, அதை ஒரு நிமிடத்துக்குள் முடிப்பதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

இந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரக் கணக்கு ஒப்பிக்கும் கூட்டத்தில் எதுவும் மாறவில்லை என்றால், இல்லாத சிக்கலை இழுத்து வராதீர்கள். "இந்த மாதமும் திட்டப்படியே" என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

கடைசியாகத் தயாரிப்பில் ஒரு சோதனை. டிஸ்பாட்ச் வேலை தெரியாத, ஆனால் நிறுவனம் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். நிலைமையையும் சிக்கலையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வியைச் சொல்லாதீர்கள். "இப்போது உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். "எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டால் தொடக்கம் தயார். "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டால், சிக்கல் ஒப்பந்தத்தைவிடத் தாமதத்தின் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. ஒப்பந்த வரியைக் கடைசியாகச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் கேள்வியைப் பெரும்பாலும் கடைசி வாக்கியமே தீர்மானிக்கிறது. "யார் அந்த இரண்டு வாடிக்கையாளர்கள்?" என்று கேட்டால் பெயரைச் சேர்த்துவிடுங்கள், குழுவும் அதையே கேட்கும். அவர் எதுவுமே கேட்காமல் "சரி" என்று தலையாட்டினால், நீங்கள் சொன்னதில் சிக்கல் இன்னும் வரவில்லை. தாளை எடுத்து மறுபடி கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.